லாக்டோஸ் சேர்த்தும் மஞ்சள் நிறம் வரவில்லை: லாக் ஓபரான் சோதனையில் உதவி தேவை

குன்னூர் மாணவி:
முதுகலை நுண்ணுயிரியல் செயல்முறைக்காக ஈ. கோலையில் லாக்டோஸைப் பயன்படுத்த உதவும் மரபணுத் தொகுதியான லாக் ஓபரான் விழிப்பதைக் காட்ட வேண்டும். வளர்ப்பில் லாக்டோஸ் சேர்த்து, இரண்டு மணி நேரம் கழித்து மாதிரி எடுத்து, லாக்டோஸை உடைக்கும் நொதி இருந்தால் மஞ்சளாகும் ஓஎன்பிஜி ஊற்றினேன். அரை மணி நேரம் ஆகியும் குழாய் தண்ணீர் போலவே இருக்கிறது. இரண்டு முறை செய்தும் இதே முடிவுதான். திங்கட்கிழமை செய்து காட்ட வேண்டும், தயவுசெய்து உதவுங்கள்.

குடுவைக்காரர்:
எந்த இனத்தை வளர்த்தீர்கள்? ஊடகத்தில் லாக்டோஸைத் தவிர வேறு என்ன சர்க்கரை இருந்தது, எவ்வளவு இருந்தது? ஓஎன்பிஜிக்கு முன்பு குளோரோஃபார்மும் எஸ்டிஎஸ்ஸும் விட்டு செல்சவ்வைத் திறந்தீர்களா? இவை தெரியாமல் சொல்வதெல்லாம் ஊகமாகவே இருக்கும். இனம் டிஎச்5 ஆல்ஃபாவாக இருந்தால் எவ்வளவு காத்திருந்தாலும் மஞ்சள் வராது, ஏனெனில் அந்த நொதிக்கான அதன் லாக்இசட் மரபணுவிலேயே ஒரு துண்டு இல்லை. ஐயமிருந்தால் மக்கான்கி தட்டில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்; லாக்டோஸை உண்ணும் இனம் மறுநாள் சிவந்திருக்கும்.

கொடை மூடுபனி:
குளிரைக் கவனித்தீர்களா? எங்கள் மலையில் மேசை மீது வைத்த குழாய் 15 டிகிரியில்தான் இருக்கும். அந்த நொதிச் சோதனையை 28 டிகிரி நீர்த்தொட்டியில் செய்வதே வழக்கம். மலைக் கல்லூரிகளில் நடக்கும் பாதிச் சிக்கல்களுக்குக் குளிரே காரணம் என்பது என் அனுபவம்.

குடுவைக்காரர்:
குளிரில் வேகம் குறையும் என்பது சரிதான். ஆனால் நன்றாகத் தூண்டப்பட்ட செல்களில் தூண்டப்படாத நிலையைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு நொதி இருக்கும் என்பதால், வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும் அரை மணி நேரத்தில் குழாய் மஞ்சளாகத்தான் வேண்டும்.

கோத்தகிரி இல்லத்தரசி:
எங்கள் வீட்டிலும் மார்கழியில் பால் தயிராக உறைவதில்லை. பாலில் இருப்பதும் லாக்டோஸ்தானே, அதற்கும் இந்த ஓபரான் விழிக்காததுதான் காரணமா? பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பங்கரையில் வைத்தால் மட்டுமே உறைகிறது.

குடுவைக்காரர்:
அது வேறு விஷயம், அம்மா. தயிர்ப் பாக்டீரியாக்கள் லாக்டோஸை வேறு வழிகளில் உள்ளே எடுத்துக்கொள்கின்றன. உங்கள் பாத்திரத்துக்குக் கம்பளிதான் சரியான மருந்து.

பைன்மர நிழல்:
இளங்கலைப் பாடத்திலேயே இதற்கு விடை இருக்கும்போது இத்தனை சுற்று எதற்கு என்று தெரியவில்லை. ஊடகத்தில் குளுக்கோஸ் இருந்தால் செல்லுக்குள் சமிக்ஞை மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பி குறையும். அது குறைந்தால் சிஆர்பி புரதம் ஊக்குவிப்பியில் அமராது, மரபணு வாசிக்கப்படாது. மாணவி முதலில் பாடத்தைப் படித்துவிட்டு வந்தால் நம் எல்லோருக்கும் நேரம் மிச்சமாகும்.

குன்னூர் மாணவி:
மன்னிக்கவும், இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. இனம் கல்லூரி இருப்பில் உள்ள கே-12. மக்கான்கியில் சிவப்பாகவே வளர்கிறது. ஊடகம் எம்9, அதில் குளுக்கோஸ் 0.4 சதவீதமும் லாக்டோஸ் 0.2 சதவீதமும் சேர்த்தேன். செல் அடர்த்தியைக் காட்டும் ஓ.டி. 0.4 வந்ததும் மாதிரி எடுத்தேன். குளோரோஃபார்ம் விட்டேன். இரண்டு மணி நேரத்தில் குளுக்கோஸ் தீர்ந்துபோயிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

குடுவைக்காரர்:
சிக்கல் இங்கேதான் இருக்கிறது, ஒரு கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும். 0.4 சதவீதம் என்றால் லிட்டருக்கு 4 கிராம் குளுக்கோஸ். ஓ.டி. 0.4 என்ற அளவில் ஒரு லிட்டர் வளர்ப்பில் உலர் எடையாக ஏறத்தாழ 0.15 கிராம் செல்கள் இருக்கும். ஒரு கிராம் குளுக்கோஸில் அரை கிராம் அளவுக்குச் செல் உருவாகும் என்று கொண்டால், இதுவரை செலவானது 0.3 கிராம் மட்டுமே. நீங்கள் மாதிரி எடுத்த நேரத்தில் குடுவையில் 3.7 கிராம் அப்படியே இருந்தது. செல்கள் லாக்டோஸைத் திரும்பிப் பார்க்கவே அவசியம் வரவில்லை.

குளுக்கோஸை 0.05 சதவீதமாகக் குறையுங்கள், ஓ.டி. 0.6 அல்லது 0.7 அளவில் அது தீர்ந்து, வளர்ச்சி சற்று நின்று, பிறகு லாக்டோஸில் மீண்டும் தொடங்கும். கால் மணி நேரத்துக்கு ஒரு முறை மாதிரி எடுத்தால் அந்த நிற்பும், அதை ஒட்டி மஞ்சள் ஏறுவதும் கண்ணுக்குத் தெரியும். கூடவே, லாக்டோஸுக்குப் பதிலாக ஓபரானைத் தூண்டும் ஐபிடிஜியையும் பயன்படுத்தி, கிளிசரால்-லாக்டோஸ், கிளிசரால்-ஐபிடிஜி, குளுக்கோஸ்-ஐபிடிஜி என்று மூன்று குடுவைகளை வையுங்கள்.

கொடை மூடுபனி:
குளுக்கோஸ் தீர்ந்ததா என்று பார்க்க, மருந்துக்கடையில் விற்கும் சிறுநீர்ச் சர்க்கரைப் பட்டை போதாதா?

குடுவைக்காரர்:
பழைய குடுவைக்குப் போதும், ஏனெனில் அதில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் இருக்கிறது, பட்டை நன்றாகவே நிறம் மாறும். புதிய குடுவையில் தொடக்கமே 50 மில்லிகிராம்தான்; பல பட்டைகளின் கீழ் எல்லை அங்கேதான் இருப்பதால், பட்டை எதையும் காட்டாததை வைத்துக் குளுக்கோஸ் தீர்ந்தது என்று முடிவுகட்ட முடியாது. வளர்ச்சி நிற்பதையே நம்புங்கள்.

பைன்மர நிழல் ஐயாவுக்கு ஒன்று: குளுக்கோஸும் லாக்டோஸும் சேர்ந்திருக்கும் இந்த நிலையில் முதன்மையான தடை சைக்ளிக் ஏஎம்பி அன்று. குளுக்கோஸை உள்ளே கடத்தும் அமைப்பில் உள்ள ஒரு புரதம் தன் பாஸ்பேட்டைச் சர்க்கரைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பாஸ்பேட் இழந்து நிற்கும் அது லாக்டோஸின் வாயிலான பெர்மியேஸில் ஒட்டிக்கொண்டு அதை அடைக்கிறது. லாக்டோஸ் உள்ளே வராவிட்டால் அதிலிருந்து தூண்டியான அல்லோலாக்டோஸ் உருவாகாது, ஓபரானைப் பூட்டிவைக்கும் அடக்கிப் புரதம் டிஎன்ஏவை விட்டு நகராது. 1996இல் ஐபா குழுவினர் அளந்தபோது, குளுக்கோஸை உண்ணும் கட்டத்திலும் பிறகு லாக்டோஸை உண்ணும் கட்டத்திலும் சைக்ளிக் ஏஎம்பி ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது.

பைன்மர நிழல்:
அப்படியானால் சிஆர்பி இல்லாத மாற்றினங்கள் லாக்டோஸில் வளர முடியாமல் போவது எதனால்? அதற்கு விடை சொல்லாமல் பாடநூலைத் தள்ளிவைப்பது முறையன்று.

குடுவைக்காரர்:
சிஆர்பி வேண்டவே வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. கதவுக்குக் கீல் வேண்டும் என்பதற்காக, கதவைச் சாத்தியது கீல்தான் என்று சொல்வோமா? ஐபிடிஜி பெர்மியேஸ் இல்லாமலும் உள்ளே புகும், செல்லால் சிதைக்கவும் முடியாது. உங்கள் சொல்லின்படி சைக்ளிக் ஏஎம்பிதான் முழுத் தடை என்றால் குளுக்கோஸ்-ஐபிடிஜி குடுவையில் மஞ்சள் வரவே கூடாது. அடைபட்ட வாயில்தான் தடை என்றால் வர வேண்டும். மாணவியின் குழாய்களே தீர்ப்புச் சொல்லட்டும்.

குன்னூர் மாணவி:
மிக்க நன்றி. கிளிசரால்-லாக்டோஸ் பத்து நிமிடத்துக்குள் மஞ்சளாகிவிட்டது. பழைய குளுக்கோஸ்-லாக்டோஸில் இப்போதும் ஒன்றுமில்லை. குளுக்கோஸ்-ஐபிடிஜி மஞ்சள்தான், ஆனால் கிளிசரால்-ஐபிடிஜியைவிட வெளிறியிருக்கிறது. 0.05 குடுவை ஓ.டி. 0.6 அருகில் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் நின்று, பிறகு ஏறியது. நாளை காட்டப் போகிறேன்.

பைன்மர நிழல்:
வெளிறியிருப்பதைக் கவனித்தீர்களா? அந்தக் குறைவுதான் நான் சொன்ன சைக்ளிக் ஏஎம்பி.

குடுவைக்காரர்:
அதில் ஓரளவு நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம், ஐயா. கிளிசராலில் வளரும் செல்லில் சைக்ளிக் ஏஎம்பி கூடுதலாக இருக்கும். ஆனால் இரண்டு குழாய்களிலும் சோடியம் கார்பனேட் ஊற்றி வினையை நிறுத்தியது எத்தனையாவது நிமிடத்தில், அப்போது ஒவ்வொன்றின் ஓ.டி. எவ்வளவு? நேரத்தாலும் செல் அளவாலும் வகுக்காமல் வெறும் கண்ணால் பார்த்த வெளிறலை எந்தப் பக்கத்துக்கும் சான்றாக வைக்க இயலாது. மாணவி, 420 நானோமீட்டரில் எடுத்த எண்களை இங்கே இட முடியுமா?

கொடை மூடுபனி:
நான்கு நாள்களாகிவிட்டன, எண்கள் வரவில்லை. குழாய்களை எந்த வெப்பநிலையில் வைத்தார் என்பதையும் அவர் சொல்லவே இல்லை.