செல்ஃபியிலிருந்து அவதார்: படத்தோடு என்னவெல்லாம் சேர்ந்து போகிறது?

கொங்குநாட்டு அப்பா

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேமில் போடுவதற்காகத் தன் செல்ஃபியை ஒரு கார்ட்டூன் ஆப்பில் கொடுத்திருக்கிறாள். கண் பெரிசாகி, தாடை கூராகி, அது அவள்தான் என்று எனக்கே சட்டென்று தெரியவில்லை. ஆனால் கழுத்தில் பள்ளி ஐடி கார்டின் கயிறு அப்படியே வந்திருக்கிறது. பச்சை நாடா, நடுவில் மஞ்சள் கோடு. கார்டில் இருந்த எழுத்தையெல்லாம் ஆப் கோணல்மாணலாக்கிவிட்டது, கயிற்றின் நிறத்தை மட்டும் விடவில்லை. எங்கள் ஊரில் அந்தக் கயிற்றைப் பார்த்தால் ஆட்டோக்காரர்கூட எந்தப் பள்ளி என்று சொல்லிவிடுவார்.

அந்தப் படத்தை இன்னும் எங்கும் போடவில்லை. இப்படி வேறு யாருக்காவது நடந்ததா? படத்தைக் கொடுப்பதற்கு முன் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

டீக்கடை பெஞ்ச்

ரொம்ப யோசிக்காதீங்க சார். செல்ஃபியை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிவிட்டு, அங்கிருந்து டவுன்லோட் செய்து ஆப்பில் கொடுங்கள். எந்த இடத்தில் எடுத்தது, எந்த போன் என்பதெல்லாம் போய்விடும். நான் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன். வேறு ஒன்றும் தேவையில்லை.

ஆல்பம் டிசைனர், மதுரை

பெஞ்ச் அண்ணன் சொன்னது பாதி சரி. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அந்தத் தகவலை எடுத்துவிடும். தரம் குறையக் கூடாது என்று டாக்குமென்டாக அனுப்பினால் இடம், நேரம், போன் மாடல் எல்லாம் ஒட்டிக்கொண்டே போகும். அப்புறம், கயிறு படத்துக்குள் இருக்கிறது. அதை வாட்ஸ்அப் என்ன செய்யும்?

என் வேலையில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு அக்கா தன் முகத்தை மட்டும் வெட்டிக் கொண்டுவந்த படம் அது, பழைய மென்பொருளில் வெட்டியது. கேமரா எடுக்கும் ஜேபெக் கோப்புக்குள் நகம் அளவுக்கு ஒரு குட்டிப் படமும் ஒளிந்திருக்கும், பெரும்பாலும் 160க்கு 120 புள்ளி. அந்த மென்பொருள் பெரிய படத்தை வெட்டியதே தவிர குட்டிப் படத்தைத் தொடவில்லை. அதை வெளியே எடுத்தால், அவர் வெட்டி எறிந்த மனிதர் பக்கத்திலேயே நிற்கிறார்! அந்த அளவில் எழுத்தைப் படிக்க முடியாது, ஆனால் யார் நிற்கிறார் என்று தெரிகிறது. இப்போதைய செயலிகள் பெரும்பாலும் குட்டிப் படத்தையும் மாற்றிவிடுகின்றன. சந்தேகம் இருந்தால் கம்ப்யூட்டரில் exiftool என்ற மென்பொருளைப் போட்டு, டெர்மினலில் இந்த வரிகளை அடித்துப் பாருங்கள்:

```
exiftool selfie.jpg
exiftool -b -ThumbnailImage selfie.jpg > thumb.jpg
```

முதல் வரி கோப்பில் உள்ள தகவலையெல்லாம் காட்டும். அதில் GPS என்று தொடங்கும் வரிகள் இருந்தால் எடுத்த இடம் உள்ளே இருக்கிறது. இரண்டாவது வரி குட்டிப் படத்தைத் தனியாக எடுத்துக் கொடுக்கும். எல்லாவற்றையும் நீக்க:

```
exiftool -all= -tagsfromfile @ -orientation selfie.jpg
```

வெறும் `-all=` போட்டால் சில போன் படங்கள் பக்கவாட்டில் படுத்துவிடும். எப்படித் திருப்பிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பும் சேர்ந்து போய்விடுவதால்தான் அப்படி. அதனால்தான் கடைசியில் orientation என்று சேர்த்திருக்கிறேன். இன்னொன்று, அதே ஃபோல்டரில் selfie.jpg_original என்று பழைய கோப்பு அப்படியே நிற்கும். அவசரத்தில் அதை அப்லோட் செய்துவிடாதீர்கள்.

குளிர்தேசத்து மச்சான்

வெட்டிவிட்டேன், போய்விட்டது என்று நம்ப ஏலாது. கூகுளின் பிக்சல் போனில் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டினால், வெட்டிய பகுதியின் தரவு கோப்பின் வாலிலேயே கிடந்தது. 2018இல் இருந்து இருந்த பிழை, 2023 மார்ச்சில்தான் திருத்தினார்கள். திருத்தியதற்குப் பிறகும், அதற்கு முன் வெட்டி அனுப்பிய படங்கள் அப்படியேதான் இருக்கும்.

இரவுப் பூனை

என் பிரச்சினை வேறு. நான் மூன்று ஆப்பில் செல்ஃபி கொடுத்தேன், மூன்றிலும் என்னை வெள்ளையாக்கி, மூக்கை ஒல்லியாக்கி வைத்திருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு "இது யாருடி?" என்றார். நிறத்தை ஒழுங்காகக் காட்டும் ஆப் எது? யாராவது சொல்லுங்களேன்.

டீக்கடை பெஞ்ச்

அடையாளம் தெரியாமல் இருப்பது நல்லதுதானே தங்கச்சி, இங்கே அதைத்தானே கேட்கிறார்கள் 😄

இரவுப் பூனை

அடையாளம் தெரியாமல் இருக்க என்னை வேறு ஆளாக மாற்ற வேண்டுமா அண்ணா? இரண்டும் ஒன்றில்லை.

ஸ்குவாட் லீடர்

எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தம்பி அவதார் அழகாக வந்துவிட்டதே என்று அதையே கேமிலும், தன் டிசைன் வேலைக்கான பக்கத்திலும் போட்டான். அந்தப் பக்கத்தில் உண்மைப் பெயர், போன் நம்பர் எல்லாம் உண்டு. ஒரு மேட்ச்சில் சண்டை வந்தது. எதிரணி ஆள் அவதாரை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படத்தேடலில் போட்டான். மறு மேட்ச்சில் வாய்ஸ் சாட்டில் தம்பியின் முழுப் பெயரையும் ஊரையும் படித்தான். செல்ஃபி வெளியே போகவில்லை, இடத் தகவலும் போகவில்லை. ஒரே படம் இரண்டு இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அதிலிருந்து எங்கள் ஆட்களிடம் சொல்வது, கேமுக்கு ஒரு படம், வேலைக்கு வேறு படம். மூலச் செல்ஃபியே வேறாக இருக்கட்டும். ஒரே செல்ஃபியின் இரண்டு கார்ட்டூனை அருகருகே வைத்தால் தலை சாய்ந்த கோணமும் துப்பட்டா மடிப்பும் காட்டிக்கொடுத்துவிடும்.

கொங்குநாட்டு அப்பா

கார்ட்டூனை வைத்து உண்மை முகத்தையே தேடிக் கண்டுபிடிக்க முடியுமா? என் பயம் அதுதான்.

ஆல்பம் டிசைனர், மதுரை

எவ்வளவு மாற்றியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. லேசாகத் தோலை மெழுகி, ஓரத்தில் கோடு போட்ட படம் என்றால் முகம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது. பொம்மைக் கண் வைத்தால் கஷ்டம். நீங்களே அவதாரை கூகுள் லென்ஸிலும் யாண்டெக்ஸிலும் போட்டுப் பாருங்கள். மகளின் படம் ஏதாவது வந்தால் அது ஆகாது. வராவிட்டால் முழுக்கப் பத்திரம் என்று நான் சொல்ல மாட்டேன், ஒவ்வொரு தேடலும் ஒரு மாதிரி.

புதுச் செல்ஃபி எடுக்கும்போது கேமரா செட்டிங்கில் இடத்தைச் சேமிப்பதை நிறுத்திவிட்டு, வெற்றுச் சுவர் முன்னால் எடுங்கள். வீட்டு உடை போதும். ஜன்னலைப் பார்த்து நிற்க வேண்டாம், கண்ணாடி போட்டிருந்தால் அதில் எதிர்வீடு தெரியும். ஜப்பானில் 2019இல் ஒருவன் ஒரு பாடகியின் செல்ஃபியில் கண்மணியில் தெரிந்த ரயில் நிலையத்தை வைத்தே அவர் ஊரைக் கண்டுபிடித்து, வீடு வரை போய்த் தாக்கினான். ஆப் கேலரிக்கு அனுமதி கேட்டால் அந்த ஒரு படத்தை மட்டும் கொடுங்கள். ஐபோனில் 2020 முதல் அந்த வசதி உண்டு, ஆண்ட்ராய்டு 14லும் உண்டு.

குளிர்தேசத்து மச்சான்

ஆப்பை அழித்தால் அவர்களுடைய சர்வருக்குப் போன படம் அழியாது. கணக்கையே நீக்க வேணும். கணக்குத் தொடங்க விடும் ஐபோன் ஆப்புகள் அதற்கான வழியை உள்ளேயே தர வேணும் என்று ஆப்பிள் 2022 ஜூனில் இருந்து கேட்கிறது. செட்டிங்ஸில் தேடிப் பாருங்கோ.

ஸ்குவாட் லீடர்

பூனை அக்காவுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. ஐபோன் என்றால் மெமோஜியில் நிறம், மூக்கு, முடி எல்லாம் கையாலேயே தேர்ந்தெடுக்கலாம், செல்ஃபியே வேண்டாம். உங்கள் சுருட்டை முடியையும் கண்ணாடியையும் வைத்தால் தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே கண்டுபிடிப்பார்கள். அப்பா, உங்கள் மகளுக்கும் இது ஒத்துவரும். கேமிலேயே பாத்திரத்தை வடிவமைக்கும் இடம் இருந்தால் அங்கேயே உட்காரச் சொல்லுங்கள்.

இரவுப் பூனை

என்னுடையது ஆண்ட்ராய்டு 😭