லங்கரில் சாப்பிட்டவர்கள் நிறைய. வேலை செய்தவர்கள் சொல்லுங்களேன்

கரோல்பாக் கணக்கர்

தில்லிக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து பங்களா சாகிப் குருத்வாராவின் லங்கரில், அதாவது எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் பொதுச் சமையலறையில், பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். போன ஞாயிறுதான் முதல்முறையாக வேலை செய்யப் போனேன். பரிமாறலாம் என்ற நினைப்பில் வாளி இருக்கும் பக்கம் நகர்ந்தேன். ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பூண்டு மூட்டையைக் கை காட்டினார்.

உட்கார்ந்து உரித்தேன். ஒரு பக்கம் விலை உயர்ந்த கைக்கடிகாரம் கட்டிய ஒருவர், இன்னொரு பக்கம் டாக்ஸி ஓட்டும் பையன். பெயர், ஊர், உத்தியோகம் எதையும் யாரும் கேட்கவில்லை. எல்லோரும் எல்லோருக்கும் 'வீர்ஜி', அதாவது சகோதரர். விரல் நுனியெல்லாம் எரிய ஆரம்பித்ததும் எழுந்தேன். நான் எழுந்த இடத்தில் அடுத்த ஆள் உட்கார்ந்தார். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. உண்மையைச் சொன்னால் அது கொஞ்சம் உறுத்தியது.

சீக்கியர்கள் இதை வழிபாட்டுக்குச் சமமாகச் சொல்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாக நடக்கும் ஒரு பெரிய சமையலறை, அவ்வளவுதான். உள்ளே என்ன நடக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லூதியானா மருமகள்

நான் திருச்சிக்காரி, கல்யாணமாகி வந்தது லூதியானாவில் ஒரு சீக்கியக் குடும்பத்துக்கு. என் மாமியார் எங்கள் பேட்டை குருத்வாரா அடுப்படியிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். அவரிடம் கற்றதைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சுமார் முந்நூறு பேர் வருவார்கள். ஆளுக்கு மூன்று ரொட்டி என்றால் தொள்ளாயிரம். ஒரு கிலோ மாவில் முப்பது ரொட்டி வரும். ஆக முப்பது கிலோ மாவு. பிசைபவர், உருண்டை பிடிப்பவர், தேய்ப்பவர், பெரிய இரும்புத் தவாவில் திருப்பிப் போடுபவர், நெய் தடவி அடுக்குபவர் என்று வேலை பிரிந்திருக்கும். தலையில் முக்காடு, வாயில் 'வாஹேகுரு'. ஊர்க்கதை ஆரம்பித்தால் மாமியார் திட்டமாட்டார். சுக்மனி சாகிப் என்ற வழிபாட்டுப் பாடலைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல ஆரம்பிப்பார், கதை தானாக நின்றுவிடும்.

எங்கள் குருத்வாராவில் அர்தாஸ் என்ற பிரார்த்தனை முடியும்வரை யாரும் எதையும் ருசி பார்க்கக் கூடாது. அதனால் பருப்புக்கு உப்புப் போடுவது ஒரே ஒரு கைதான். அந்தப் பாட்டி எப்போதும் ஒரு பிடி குறைத்தே போடுவார். "குறைந்தால் தட்டில் சேர்த்துக்கொள்ளலாம், கூடினால் அண்டாவே போச்சு" என்பார். சமைத்த எல்லாவற்றிலும் கொஞ்சம் ஒரு தட்டில் எடுத்து, அர்தாஸ் சொல்லி, கிர்பான் என்ற குறுவாளால் தொட்டு, அதைத் திரும்ப அண்டாக்களிலேயே கலந்துவிடுவார்கள். அதன்பிறகு அது யார் சமைத்த பருப்பும் இல்லை, குருவின் லங்கர்.

கணக்கர் சார், உங்களைப் பூண்டு உரிக்க அனுப்பியதில் விஷயம் இருக்கிறது. சேவையிலேயே ஆபத்தானது பரிமாறுவதுதான் என்பார் மாமியார். பரிமாறுபவர் முகத்தைப் பார்க்கிறார். சாப்பிடுபவரும் இவரைப் பார்க்கிறார். 'நான் கொடுக்கிறேன்' என்ற நினைப்பு அங்கேதான் நுழையும். அந்த 'நான்'தான் ஹௌமை; அதைக் கரைக்கத்தானே இவ்வளவும். அதனால் புதிதாக வருபவரைப் பாத்திரம் கழுவவோ, செருப்புக் கூடத்துக்கோ அனுப்புவார். பலன் எதிர்பாராமல் சேவை செய்பவருக்கே ஆண்டவன் கிடைக்கிறான் என்று அந்த சுக்மனியிலேயே வருகிறது. நன்றியும் ஒரு பலன்தானே?

ஓய்வு ஹவில்தார்

நான் சிக்னல்ஸ்காரன். சீக்கியப் பட்டாலியன் ஒன்றோடு சில வருஷம் இருந்தேன். குருநானக் ஜெயந்தி அன்று கமாண்டிங் ஆபீசரே வாளியைத் தூக்கிக்கொண்டு வருவார். என் தட்டில் அவர் ரொட்டி போட்டபோது நான் எழுந்து நிற்கப் போனேன். பக்கத்திலிருந்த சுபேதார் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டார். ரொட்டியை ஒரு கையால் வாங்கினால் போடமாட்டார்கள். இரண்டு கையையும் ஏந்தணும். ஆபீசருக்கும் அதேதான், ஜவானுக்கும் அதேதான்.

இந்த லங்கரை ஆரம்பித்தது மூன்றாவது குரு அமர்தாஸ். அக்பர் பாதுஷா பார்க்க வந்தபோதுகூட முதலில் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடு, அப்புறம்தான் தரிசனம் என்று சொல்லிவிட்டார்.

லூதியானா மருமகள்

ஹவில்தார் ஐயா சொன்னதில் பாதி சரி. முதலில் பங்கத், அப்புறம் சங்கத், அதாவது வரிசையில் அமர்ந்து உண்டபிறகே குருவைப் பார்க்கலாம் என்ற முறையை கோயிந்த்வாலில் குரு அமர்தாஸ்தான் உறுதியாக்கினார். அக்பர் கதையும் அந்த ஊரைச் சேர்ந்த மரபுதான். ஆனால் லங்கர் அதற்கு முன்பே கர்தார்பூரில் குருநானக் காலத்திலேயே இருந்தது. அடுத்து கடூரில் குரு அங்கத்தின் மனைவி மாதா கீவி நடத்தினார். அவர் லங்கரில் நெய் விட்ட பாயசம் பரிமாறியது குரு கிரந்த சாகிபிலேயே பதிவாகியிருக்கிறது. அடுப்படியில் நின்ற ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிப் பாடிய வேதம் என்று மாமியாருக்கு அதில் பெருமை. (அதுவும் ஹௌமைதானே என்று கேட்டால் சிரிப்பார்.)

மாம்பலம் பாலு

எங்கள் தி.நகர் ஜி.என்.செட்டி சாலையிலும் குருத்வாரா இருக்கிறது. அம்மா திவசத்துக்கு அங்கே ஒரு வேளை லங்கர் செய்யலாம் என்று எண்ணம். கட்டணம் எவ்வளவு, அம்மா பெயரைப் பலகையில் எழுதுவார்களா என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

அமிர்தசரஸ் போய்வந்தவன்

பாலு அண்ணே, கேள்வி அது இல்லை. இருந்தாலும் பெயர்ப் பலகை பற்றிக் கேட்டீர்கள் பாருங்கள், அதற்கு வருகிறேன்.

நான் ஹர்மந்திர் சாகிபில், அதாவது பொற்கோயிலில், பாத்திரம் கழுவியவன். வார நாளிலேயே ஐம்பதாயிரம் பேருக்கு மேல் சாப்பிடும் இடம், விசேஷ நாளில் லட்சத்தைத் தொடும். சாப்பிட்டு வெளியே வரும் வழியிலேயே தட்டை வாங்கிவிடுவார்கள். முதல் ஆள் மிச்சத்தைத் தொட்டியில் தட்டி உதறுவார். அடுத்தவர் கரண்டியைப் பிரித்துப் போடுவார். அதன்பிறகு வரிசையாக எஃகுத் தொட்டிகள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று தேய்ப்பார்கள். ஒரே தட்டைப் பல தொட்டிகளில், பல கைகள் கழுவும். நான் தேய்த்த தட்டைப் பக்கத்துத் தொட்டிக்காரர் மறுபடி முதலிலிருந்து தேய்த்தார். சுத்தமாகத்தானே இருக்கிறது என்று எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், எனக்கு முன்னால் இருந்தவர் கழுவியதை நானும் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன். அந்தத் தட்டுச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. மனம் எதையாவது நினைக்கப் பார்க்கும். அதற்குள் அடுத்த தட்டு வந்துவிடும்.

இனி என் சந்தேகங்கள். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, ரெண்டு தட்டு கழுவிவிட்டுப் போனவர்களைப் பார்த்தேன். பிரகாரத்துச் சலவைக்கல்லில் நன்கொடையாளர் பெயர்கள் எத்தனை! அங்கே ஹௌமை இல்லையா? 2024 டிசம்பரில் அகாலி தளக் கட்சித் தலைவர்களுக்குச் சீக்கியர்களின் உயர்ந்த மத பீடமான அகால் தக்த் கொடுத்த தண்டனையிலும் இதே பாத்திரம் கழுவும் வேலை இருந்தது. தண்டனையாகச் செய்வது எப்படிப் பலன் கருதாத சேவையாகும்?

லூதியானா மருமகள்

கல்லில் பெயர் வெட்டுவது எனக்கும் பிடிக்காது. மாமியாருக்கும் பிடிக்காது. ஆனால் வெட்டுகிறார்கள், அதை மறைக்க முடியாது.

படம் எடுப்பவர்களைவிட நெடுநாள் சேவாதார்களிடம்தான் கோளாறு அதிகம். எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், 'என் தவா', 'என் இடம்' என்ற பேச்சு வரும். எங்களிடம் ஒரு அம்மா இருந்தார். அவர் ரொட்டி காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் இருக்கும். ஒரு கல்லூரிப் பெண் புதிதாக வந்தாள். அவள் தேய்த்தது கோணல்மாணலாக வந்தது. இந்த அம்மா அதை எடுத்து மறுபடி உருட்டி மாவோடு போட்டுவிட்டார், அதுவும் எல்லோர் முன்னாலும். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் அடுத்த ரொட்டிகளைக் கூடையில் மேலாக அடுக்கிப் பந்திக்கு அனுப்பினார். அடுத்த வாரம் அந்த அம்மாவைப் பாத்திரம் பக்கம் போகச் சொன்னார். அவர் சில வாரம் வரவே இல்லை. பிறகு வந்தார். இப்போது செருப்புக் கூடத்தில் உட்கார்ந்து செருப்பு துடைக்கிறார், அடுப்படிக்கு வருவதே இல்லை. மனம் மாறியதா, கோபம் இன்னும் தணியவில்லையா, யாருக்கும் தெரியாது. மாமியாரும் கேட்கவில்லை.

தண்டனை விஷயம்: அந்த நேரத்தில் அவர்கள் பக்கத்தில் நின்று கழுவியவர்கள் விரும்பி வந்தவர்கள். வேலை ஒன்றுதான். பெரிய மனிதரை வந்து சாப்பிட்டவர்களின் எச்சில் தட்டுக்கு முன் நிறுத்துவதே தண்டனையின் நோக்கம் என்று இங்கே சொல்வார்கள்.

அமிர்தசரஸ் போய்வந்தவன்

அக்கா, எனக்கு இன்னும் ஒப்பவில்லை. எச்சில் தட்டு கழுவுவதை அவமானம் என்று நினைத்தால்தானே அது தண்டனையாகும்? அப்புறம், பஞ்சாப் கிராமங்களில் சாதிக்கொரு குருத்வாரா இருக்கிறதே. பங்கத்தில் சமம் என்று சொல்லிவிட்டு அது எப்படி?

லூதியானா மருமகள்

இருக்கிறது. தலித் மக்கள் தனியாகக் கட்டிக்கொண்ட குருத்வாராக்கள் எங்கள் மாவட்டத்திலும் உண்டு. லங்கரில் பக்கத்தில் உட்காரவைத்தவர்கள், கமிட்டியில் உட்காரவைக்கவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஓய்வு ஹவில்தார்

முட்டி வலிக்காரன் தரையில் உட்காரணுமா என்பதுதான் என் கவலை! கனடாவில் இதற்கே பெரிய தகராறு நடந்ததாகப் பட்டாலியன் நண்பர் சொன்னார்.

லூதியானா மருமகள்

ஆமாம் ஐயா, 1998-ல் லங்கரில் மேசை நாற்காலி கூடாது என்று அகால் தக்த் உத்தரவு போட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் இரண்டு கட்சியாகி அடிதடிவரை போனது. எங்கள் குருத்வாராவில் முடியாதவர்களுக்குச் சுவர் ஓரம் பெஞ்சு போட்டிருக்கிறோம். தட்டும் ரொட்டியும் அதே வரிசையில்தான் வரும். தாராளமாக உட்காருங்கள்.

பாலு அண்ணா, கட்டணம் என்று எதுவும் கிடையாது. ஆட்டா, பருப்பு, நெய் என்று பொருளாகக் கொடுக்கலாம், பணமாகவும் கொடுக்கலாம். அர்தாஸில் அம்மா பெயரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், சொல்வார்கள். பலகை கேட்காதீர்கள். வாங்குவதற்கு முன் ஒருநாள் நேரில் போய் இருப்பில் என்ன குறைகிறது என்று விசாரியுங்கள். எல்லோரும் அரிசி மூட்டையாக இறக்குவார்கள். பாத்திரம் தேய்க்கும் பவுடர் வாங்கித்தர ஆள் இருக்காது.

மாம்பலம் பாலு

சரிம்மா, சனிக்கிழமை போய்க் கேட்கிறேன். பூண்டு உரிக்கச் சொன்னாலும் உரிக்கிறேன். கையுறை கொண்டுபோகலாமா?