“எதிர்ப்பு உள்ளது” என்றால் யாருக்கு? கல்ச்சர் ரிப்போர்ட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

மலர்விழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பெண்கள் கிளினிக்குக்காக, சிறுநீர்த் தொற்று பற்றி இரண்டு பக்கத் துண்டறிக்கை தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். ரெசிஸ்டன்ஸ், அதாவது மருந்து போட்டும் கிருமி சாகாமல் இருப்பது. இதற்கு என்ன எழுதுவது?

என் நாத்தனார் காசிமேட்டில் மீன் விற்கிறார், வயது 34. ஆறு மாதத்தில் மூன்றாம் தடவையாக நீர்க்கடுப்பு. முதல் தடவை மெடிக்கலில் கேட்டு சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கிப் போட்டார், நாலைந்து நாளில் எரிச்சல் நின்றது. இரண்டாம் தடவை, சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுத்ததில் “பலவகைக் கிருமி வளர்ச்சி, மீண்டும் அனுப்பவும்” என்று வந்தது. மூன்றாம் தடவைதான் ஒழுங்கான ரிப்போர்ட் கிடைத்தது. தமிழிலும் அச்சடித்துத் தருகிற ஆய்வகம். சிப்ரோவுக்கு நேரே “எதிர்ப்பு உள்ளது” என்று இருந்தது. பார்த்துவிட்டு அவர் சொன்னது: “பரவாயில்ல அண்ணி, எனக்கு எதிர்ப்பு சக்தி இருக்காம், அந்த மாத்திரையே போதும்.” வீட்டில் மிச்சமிருந்த நாலு மாத்திரையையும் போட்டுவிட்டார். மூன்றாம் நாள் குளிர் ஜுரம், விலாவில் வலி.

தப்பு அவர்மேல் இல்லை. கொரோனா வந்ததிலிருந்து “எதிர்ப்பு” என்ற சொல்லை நாம் எல்லோரும் கபசுரக் குடிநீரோடு சேர்த்தல்லவா குடித்திருக்கிறோம்?

செல்வராசன் எழுதியது:

அன்புள்ள மலர்விழி, இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. உடலுக்கு இருப்பது நோயெதிர்ப்பாற்றல், கிருமிக்கு இருப்பது மருந்தெதிர்ப்பாற்றல். முன்னொட்டைப் பார்த்தால் யாருடைய ஆற்றல் என்று தெரிந்துவிடும். நாற்பது ஆண்டு பெரம்பூரில் தமிழ் நடத்தியவன் சொல்கிறேன், சொல் சரிதான், அதைச் சுருக்கி “எதிர்ப்பு” என்று போட்ட ஆய்வகம்தான் தவறு செய்தது. அத்துடன், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப எடுத்தால் உடம்புக்கு அது பழகிப்போகும். அதையும் துண்டறிக்கையில் சேருங்கள்.

கலாவதி எழுதியது:

நான் கலைச்சொல் எல்லாம் அறியாதவள், மன்னிக்கவும். ஆனால் இதே கல்ச்சர் எனக்கும் எடுத்தார்கள். வயது 61, சர்க்கரை உண்டு. முழு உடல் பரிசோதனையில் “கிருமி வளர்ந்திருக்கிறது” என்று வந்தது. எரிச்சல், ஜுரம், எதுவுமே இல்லை. டாக்டர் மாத்திரை எழுதவில்லை, வீட்டுக்குப் போங்கம்மா என்று அனுப்பிவிட்டார். வயசானவள் என்று அலட்சியமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். பரிசோதனைக்கு முன்னால் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், மூன்று பாட்டில் குடித்துவிட்டுக் கொடுத்தேன். அது சரியா? எல்லாம் உடம்புச் சூடுதான், வெந்தயமும் மோரும் போதும் என்கிறாள் என் சம்பந்தியம்மா.

டாக்டர் யாழினி எழுதியது:

மலர், முதலில் உங்கள் நாத்தனாரைப் பற்றி. ஜுரமும் விலா வலியும் வந்தால் அது சிறுநீர்ப்பையைத் தாண்டிச் சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். பார்த்திருப்பார் என்று நம்புகிறேன்.

செல்வராசன் ஐயா, பாதி ஒத்துக்கொள்கிறேன். யாருடைய ஆற்றல் என்று சொல் காட்டவேண்டும் என்பது சரி. ஆனால் உடம்புக்கு மருந்து பழகுவதில்லை. பெண்களுக்குச் சிறுநீர்ப்பையில் வரும் கிருமி பெரும்பாலும் ஈ.கோலை. அது அவரவர் குடலிலிருந்துதான் வருகிறது. சளிக்கோ பேதிக்கோ போட்ட மாத்திரையானாலும் அது குடலுக்கும் போகிறது. அங்கே சாகிறவை செத்து, சாகாதவை பெருகி உட்கார்ந்திருக்கும். அடுத்த முறை பைக்கு ஏறுவது அந்தக் கூட்டம். ஆள் அதே ஆள், கிருமிதான் வேறு. “பழகிப்போச்சு” என்று எழுதினால் உங்கள் நாத்தனார் மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, “உனக்கு இன்னும் பழகலையே” என்பார்.

கலாம்மா, உங்கள் டாக்டர் செய்தது அலட்சியம் இல்லை. தொந்தரவு எதுவும் இல்லாமல் சிறுநீரில் கிருமி மட்டும் இருப்பது வயதான பெண்களிடம் சாதாரணம், சர்க்கரை இருந்தாலும் அப்படித்தான். அதற்கு மாத்திரை கொடுத்தால் நான் மேலே சொன்ன வேலைதான் நடக்கும். கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் கருவி விட்டுச் செய்யும் சிகிச்சைக்குப் போகிறவர்களும் விதிவிலக்கு. அந்த மூன்று பாட்டில் மட்டும் வேண்டாம். சிறுநீர் நீர்த்துப்போனால் கிருமி எண்ணிக்கை குறைவாகக் காட்டும்.

பாஸ்கர் எழுதியது:

நான் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு லேபில் டெக்னீஷியன். மலர் அக்கா சொன்ன அந்த இரண்டாம் ரிப்போர்ட் எப்படி வந்திருக்கும் என்று சொல்கிறேன். சாம்பிள் காலையில் எடுத்தாரா, மதியம் கொடுத்தாரா? இரண்டு மணி நேரத்துக்குள் எங்களிடம் வரவேண்டும். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் வைத்து 24 மணி நேரத்துக்குள் வரலாம். மே மாத வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்தால், தோலிலிருந்து ஒட்டிவந்த நாலு கிருமி நாலாயிரம் ஆகிவிடும். கழுவிவிட்டு, முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கவேண்டும் என்பதையும் கவுன்ட்டரில் யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை.

நாங்கள் செய்வது இவ்வளவுதான். ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு எடுக்கும் கம்பி வளையம் இருக்கிறது. அதால் தொட்டுத் தட்டில் இழுத்துவிட்டு, 37 டிகிரியில் ஒரு ராத்திரி வைப்போம். காலையில் 100 புள்ளி முளைத்திருந்தால் மில்லிக்கு ஒரு லட்சம் என்று கணக்கு. அப்புறம் அந்தக் கிருமியை வேறு தட்டு முழுக்கப் பூசி, மருந்து நனைத்த காகிதப் பொட்டுகளை மேலே வைப்போம். நிஜமாகவே நெற்றிப் பொட்டு அளவுதான், ஆறு மில்லிமீட்டர். மறுநாள் பார்த்தால் வேலை செய்கிற மருந்துப் பொட்டைச் சுற்றி வெறும் வட்டம் தெரியும். வேலை செய்யாத பொட்டின் ஓரம் வரைக்கும் கிருமி மண்டிக் கிடக்கும். வட்டத்தின் அகலத்தை ஸ்கேலில் அளந்துதான் எஸ், ஐ, ஆர் போடுகிறோம்: மருந்து வேலை செய்தால் எஸ், செய்யாவிட்டால் ஆர், இரண்டுக்கும் நடுவில் ஐ. இதற்கே இரண்டு நாள் ஆகிவிடுகிறது.

எங்கள் லேப் அட்டெண்டர் அம்மா தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொல்வார்: “இது மசியல.” எதிர்ப்பு கிதிர்ப்பு எல்லாம் வராது. சிப்ரோவுக்கு மசியல, நைட்ரோஃப்யூரன்டாயினுக்கு மசியுது. இதையே வைத்துக்கொண்டால் என்ன?

மலர்விழி எழுதியது:

பாஸ்கர் தம்பி! ஆமாம், விடிகாலையில் வீட்டிலேயே எடுத்துவிட்டு ஏலம் முடிந்து பதினொன்றரைக்குத்தான் கொடுத்தார். டாக்டர், அன்று மாலையே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம், ஐந்து நாள் ஊசி மருந்து ஏறியது, இப்போது நலம்.

“மருந்துக்கு மசியாத கிருமி.” யார் எதைச் செய்யவில்லை என்பது இதில் நேரே தெரிகிறது. கிருமிதான் எழுவாய், உடம்பு அந்த வாக்கியத்திலேயே இல்லை. ஆன்டிபயாட்டிக்குக்கு ஏற்கெனவே “நுண்ணுயிர் எதிர்ப்பி” என்று பெயர் வைத்தாகிவிட்டது. அதற்கு எதிர்ப்பு என்றால் “நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு” என்று நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

செல்வராசன் எழுதியது:

மசியல் என்றால் கீரைதான் நினைவுக்கு வரும். மசி என்றால் மை. ஒரு துறைச்சொல்லுக்குக் கொஞ்சம் மிடுக்கு வேண்டாமா? “மருந்துக்கு மசியாமை” என்று பெயர்ச்சொல்லாக்கினால் இலக்கணம் இடிக்காது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரையில் எழுத என் கை வராது. “மருந்தெதிர்ப்பு” அங்கே இருக்கட்டும்.

உடம்புக்குப் பழகும் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

டாக்டர் யாழினி எழுதியது:

ஐயா, கட்டுரைக்கு ஒன்று, கையேட்டுக்கு ஒன்று என்று இருந்தால் எனக்குச் சம்மதமே. மலர், துண்டறிக்கையில் இரண்டு விஷயம் தெளிவாக வரட்டும்.

எப்போது கல்ச்சர் தேவை என்பது முதலாவது. கர்ப்பமில்லாத இளம் பெண்ணுக்கு எப்போதோ ஒருமுறை சாதாரண எரிச்சல் வந்தால் கல்ச்சர் இல்லாமலே வைத்தியம் பார்க்கலாம். ஆறு மாதத்தில் இரண்டு தடவை, அல்லது வருடத்தில் மூன்று தடவை வந்துவிட்டால் கதை வேறு. அதன்பின் ஒவ்வொரு முறையும், முதல் மாத்திரையை வாயில் போடும் முன்பே சாம்பிள் கொடுத்துவிட வேண்டும். ஜுரம் இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, மாத்திரை முடிந்து இரண்டு வாரத்துக்குள் திரும்பி வந்தாலோ முதல் தடவையிலேயே வேண்டும். குணமான பிறகு “சுத்தமாகிவிட்டதா” என்று பார்க்க இன்னொரு கல்ச்சர் தேவையில்லை. பாஸ்கர் சொன்ன லட்சம் என்பதும் வேதவாக்கு இல்லை. எரிச்சல் உள்ள பெண்ணிடம் ஈ.கோலை மட்டும் தனியாக வளர்ந்தால் ஆயிரமே கணக்கில் வரும்.

இரண்டாவது தண்ணீர். கலாம்மாவின் சம்பந்தியம்மா முழுக்கத் தப்பில்லை. நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்துக்கொண்டிருந்த, அடிக்கடி தொற்று வந்த 140 பெண்களை வைத்து ஒரு ஆய்வு 2018-ல் வெளியானது. பாதிப்பேரைக் கூடுதலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவை தொற்று வந்தது, மற்றவர்களுக்கு 3.2. ஆக, தண்ணீர் அடுத்த தொற்றைக் குறைக்கிறது. ஏற்கெனவே நிறையக் குடிப்பவருக்கு இன்னும் குடித்தால் பலன் உண்டு என்று இதிலிருந்து சொல்ல முடியாது. இதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே அளவைக் கூட்டவேண்டும். மோர் மசியாத கிருமியை மசியவைக்காது.

மலர்விழி எழுதியது:

தண்ணீர்தான் டாக்டர் சிக்கலே. நாத்தனார் விடிகாலை இரண்டு மணிக்குத் துறைமுகம் போனால் மதியம்தான் வீடு. உள்ளே நுழையக்கூடிய கழிவறை கிடையாது. அதனால் வேண்டுமென்றே குடிக்காமல் போகிறார், கூட இருப்பவர்களும் அப்படித்தான். “நிறையத் தண்ணீர் குடியுங்கள்” என்று எழுதிக் கையில் கொடுத்தால் என்னைத் திட்டுவார்கள். வீட்டுக்கு வந்தபின் மதியத்திலிருந்து ராத்திரிக்குள் பிரித்துக் குடிக்கச் சொல்லலாமா?

டாக்டர் யாழினி எழுதியது:

சொல்லலாம். குடிக்காமல் இருப்பதைவிட மேல். ஆனால் அடக்கிவைக்கும் அந்தப் பத்து மணி நேரத்துக்கு என்னிடம் மருந்து இல்லை.

இன்னொன்று, ‘ஐ’ வரிசைக்கு என்ன போடப்போகிறீர்கள்? இங்கே பல ஆய்வகங்கள் பின்பற்றும் அமெரிக்க அட்டவணையில் அது இடைநிலை. ஐரோப்பியர்கள் 2019-ல் அதை “மருந்தளவு கூடினால் வேலை செய்யும்” என்ற பொருளுக்கு மாற்றிவிட்டார்கள்.

பாஸ்கர் எழுதியது:

எங்கள் அட்டெண்டர் அம்மா அதற்கு “இழுக்குது” என்பார். அச்சில் போடமுடியாது.

மலர்விழி எழுதியது:

நேற்று புரூஃபை நாத்தனாரிடம் காட்டினேன். மாதிரி ரிப்போர்ட்டில் சிப்ரோவுக்கு நேரே “கிருமி மசியாது”, நைட்ரோஃப்யூரன்டாயினுக்கு நேரே “கிருமி மசியும்” என்று போட்டிருந்தேன். எதைப் போடக்கூடாது என்று கேட்டதும் விரல் நேரே சிப்ரோவுக்குப் போனது. சரி, சொல் தேறிவிட்டது என்று நினைத்தேன். அடுத்து ‘ஐ’ வரிசையைக் காட்டி, “இதுல ஒண்ணுமே போடலியே அண்ணி, டாக்டருக்கே தெரியாதா?” என்றார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. யாரிடமாவது சொல் இருந்தால் அதற்குள் அனுப்புங்கள்.