நல்ல நாளில் செய்து வைத்து, முடியாத நாளிலும் விற்கிற மாதிரி தொழில் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முடக்குவாதம். காலையில் விரல்கள் மடங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சில நாள் நன்றாக உட்கார்ந்து வேலை பார்ப்பேன். நோய் தீவிரமானால் வாரம் முழுக்கப் படுக்கைதான். ஆர்டர் எடுத்துத் தைத்துக் கொடுத்தேன். தைப்பது கஷ்டமில்லை, தேதி சொல்வதுதான் கஷ்டம். நல்ல நாளில் பாக்கியை எல்லாம் முடிக்க உட்கார்ந்தால் மறுநாளே வலி கூடிவிடுகிறது.

அதனால் தையல் பேட்டர்ன்களை வரைந்து, பிடிஎஃப் கோப்பாக இணையத்தில் விற்கலாமா என்று யோசிக்கிறேன். ஒருமுறை வரைந்தால் போதும், பணம் கட்டியதும் கோப்பு தானாகப் போய்விடும். ஆனால் அளவில் சந்தேகம் கேட்பவர்களுக்கு உடனே பதில் சொல்ல முடியாதே? இப்படி விற்பவர்கள், பதில் வரத் தாமதமாகும் என்பதை வாங்குமுன்பே எப்படித் தெரிவிக்கிறீர்கள்? கெடு இல்லாத வேறு தொழில் தெரிந்தாலும் சொல்லுங்கள்.