உதவி: ஃபிளாஷ் அழிக்கும்போது வாட்ச்டாக் ரீசெட், 20 போர்டுகளில் 3 மட்டும்

கிணற்றடி

தோட்டத்து பம்புசெட்டுகளுக்கு ஒரு கண்காணிப்புப் பெட்டி செய்து 20 இடங்களில் மாட்டியிருக்கிறோம். STM32F103C8, வெளியே W25Q64 ஃபிளாஷ். 14 மாதம் சிக்கல் இல்லாமல் ஓடியது. கடந்த மூன்று வாரங்களாக மூன்று பெட்டிகள் மட்டும் நாளுக்கு ஐந்தாறு முறை தாமாகவே ரீசெட் ஆகின்றன. பதிவுகளைப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் 64 கேபி பிளாக் ஒன்றை அழிக்கும் இடத்தில்தான் அறுந்து நிற்கிறது.

வாட்ச்டாக்கை 2 வினாடிக்கு வைத்திருக்கிறேன்:

```c
hiwdg.Init.Prescaler = IWDG_PRESCALER_64;
hiwdg.Init.Reload    = 1249;
```

64 × 1250 / 40000 = 2.0 வினாடி. அழிப்பதற்கு முன்னும் பின்னும் புதுப்பிக்கிறேன். என் மேசையில் உள்ள புதுப் போர்டில் அழிப்பு 160 மில்லி வினாடியில் முடிந்துவிடுகிறது. எங்கே தவறு?

திருப்பூர் மணி

எளிய வழி இருக்கிறது. 500 மில்லி வினாடிக்கு ஒரு டைமர் இன்டரப்ட் வைத்து, அதற்குள் `HAL_IWDG_Refresh` அழைத்துவிடுங்கள். அழிப்பு எத்தனை வினாடி எடுத்தாலும் கவலையில்லை. நான் மூன்று தயாரிப்புகளில் இப்படித்தான் செய்திருக்கிறேன், ஒரு புகாரும் வந்ததில்லை.

செல்வி க.

எனக்கும் இதே தொல்லை. நானோ போர்டில் வாட்ச்டாக் ஒருமுறை ரீசெட் செய்தால் பிறகு எழவே மாட்டேன் என்கிறது, விளக்கு மட்டும் வேகமாகச் சிமிட்டுகிறது. மின்சாரத்தை எடுத்து மாட்டினால்தான் சரியாகிறது.

பழைய சாலிடர்

செல்வி, உங்களுடையது வேறு நோய். ATmega328P-இல் வாட்ச்டாக் ரீசெட்டுக்குப் பிறகும் வாட்ச்டாக் ஓடிக்கொண்டே இருக்கும், அதுவும் மிகக் குறுகிய 15 மில்லி வினாடியில். பழைய பூட்லோடர் அதை அணைப்பதில்லை. அதனால் உங்கள் நிரல் தொடங்கும் முன்பே மறுபடி ரீசெட். புது பூட்லோடரை ஏற்றிப் பாருங்கள். மேலே கேட்டிருப்பது இதுவல்ல.

கிணற்றடி, உங்கள் கணக்கில் 40000 என்று போட்டிருக்கிறீர்கள். அந்தச் சிப்புக்குள் வாட்ச்டாக்கை ஓட்டும் எல்எஸ்ஐ ஆஸிலேட்டர் கிரிஸ்டல் அல்ல. டேட்டாஷீட் அதற்குத் தரும் எல்லை 30 முதல் 60 கிலோஹெர்ட்ஸ் வரை. அதாவது நீங்கள் வைத்த 2 வினாடி ஒரு போர்டில் 1.33 வினாடியாகவும் இன்னொன்றில் 2.67 வினாடியாகவும் இருக்கலாம்.

இன்னொரு பக்கம், W25Q64-இல் 64 கேபி அழிப்பு வழக்கமாக 150 மில்லி வினாடி. ஆனால் அதே வரியில் அடுத்த கட்டத்தைப் பாருங்கள், அதிகபட்சம் 2000 என்று இருக்கும். இந்த இரண்டும் சந்திக்கிற போர்டுதான் ரீசெட் ஆகும்.

ஊகத்தோடு நிற்க வேண்டாம், அளந்துவிடுங்கள். பழுதான போர்டில் வாட்ச்டாக்கைத் தொடங்கிவிட்டு, புதுப்பிக்காமல், 10 மில்லி வினாடிக்கு ஒருமுறை `HAL_GetTick()` மதிப்பை சீரியலில் அனுப்புங்கள். கடைசியாக வந்த எண்தான் அந்தப் போர்டின் உண்மையான எல்லை. அழிப்பு நேரத்தையும் அங்கேயே அளந்து பாருங்கள்.

கிணற்றடி

இன்று மூன்றையும் கழற்றிக் கொண்டுவந்து அளந்தேன். வாட்ச்டாக் எல்லை 1.45, 1.50, 1.55 வினாடி. ஒழுங்காக ஓடும் ஒரு பெட்டியில் 1.95. ஆனால் என்னை அதிர வைத்தது அழிப்பு நேரம்: பழுதான பெட்டியிலும் ஒழுங்கான பெட்டியிலும் சில முறை 1.6 வினாடி வரை போகிறது! புதுப் போர்டில் 160 மில்லி வினாடிதானே?

பழைய சாலிடர்

ஒரே பிளாக்கை எத்தனை முறை அழிக்கிறீர்கள்?

கிணற்றடி

2 வினாடிக்கு ஒரு பதிவு, 256 பைட். 256 பதிவில் பிளாக் நிறைந்துவிடும். சர்வருக்கு அனுப்பிவிட்டு அதே பிளாக்கை அழித்து மறுபடி தொடங்குகிறேன்.

பழைய சாலிடர்

அப்படியானால் 512 வினாடிக்கு ஓர் அழிப்பு. நாளுக்கு சுமார் 169. 14 மாதத்தில் 71,000-ஐத் தாண்டிவிட்டது. அந்தச் சிப்புக்குச் சொல்லப்பட்ட ஆயுள் பிளாக்குக்கு 1,00,000 அழிப்பு. தேயத் தேய அழிப்பு நேரம் நீளும். 8 எம்பி சிப்பில் 128 பிளாக் இருக்க, ஒன்றையே போட்டுத் தேய்த்திருக்கிறீர்கள். வரிசையாகச் சுற்றி எழுதுங்கள். அதே வேகத்தில் ஒவ்வொரு பிளாக்குக்கும் நாளுக்கு ஒன்றிரண்டு அழிப்புதான் வரும்.

வாட்ச்டாக்கையும் திருத்துங்கள். Reload-ஐ 2499 ஆக்கினால் பெயரளவில் 4 வினாடி, வேகமான ஆஸிலேட்டரிலும் 2.67 வினாடி கிடைக்கும். 2 வினாடி அழிப்பு அதற்குள் அடங்கும்.

திருப்பூர் மணி

இவ்வளவு சுற்றுவதற்கு என் டைமர் வழி போதுமே?

பழைய சாலிடர்

மணி, முதன்மை லூப் எங்காவது சிக்கிக்கொண்டாலும் உங்கள் டைமர் தவறாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். திருடன் உள்ளே இருக்க, வாசலில் நாய்க்குச் சோறு போடுவது போல. லூப் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் எண்ணை ஏற்றி, அந்த எண் நகர்ந்தால் மட்டும் டைமர் புதுப்பித்தால் நான் ஏற்பேன். ஆனால் அப்போது நீண்ட அழிப்பில் எண் நகராது; பழைய சிக்கலுக்கே திரும்பி வருவீர்கள்.

காத்திருக்கும் இடத்திலேயே புதுப்பிக்கலாம், ஆனால் எல்லை வைத்து:

```c
uint32_t t0 = HAL_GetTick();
while (flash_busy()) {
    if (HAL_GetTick() - t0 > 2500)
        return ERR_FLASH;
    HAL_IWDG_Refresh(&hiwdg);
}
```

அந்த 2500 வரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஃபிளாஷின் கால் ஒன்று சாலிடர் விட்டுப்போனது. புல்-அப் இருந்ததால் ஸ்டேட்டஸ் எப்போதும் 0xFF என்றே வந்தது. அதில் பிஸி பிட்டும் 1. பெட்டி "இன்னும் அழிக்கிறது" என்று நம்பி, வாட்ச்டாக்கைப் புதுப்பித்தபடியே இரண்டு நாள் சும்மா நின்றது. நேரில் போய் மின்சாரத்தை அணைத்தும் பயனில்லை.

திருப்பூர் மணி

எண் வைத்துச் சரிபார்ப்பதை ஏற்கிறேன். இருந்தாலும் சிறிய பொருள்களுக்கு என் வழியை விடமாட்டேன்.

கிணற்றடி

மூன்றையும் மாற்றிவிட்டேன்: சுற்றி எழுதுவது, 2499, எல்லையுள்ள காத்திருப்பு. பழைய பிளாக்கை ஒதுக்கியும் வைத்துவிட்டேன். ஐந்து நாளாக இரண்டு பெட்டிகள் அமைதி. மூன்றாவது மட்டும் நேற்று இரண்டு முறை ரீசெட். இம்முறை தொடக்கத்திலேயே `RCC->CSR` படித்துப் பதிந்தேன்: IWDGRSTF இல்லை, PORRSTF இல்லை, PINRSTF மட்டும்.

பழைய சாலிடர்

அப்படியென்றால் வாட்ச்டாக் செய்யவில்லை. அது செய்திருந்தால் IWDGRSTF-உம் கூட நின்றிருக்கும். மின்சாரம் முழுவதும் விழவும் இல்லை. ரீசெட் காலில் இரைச்சல் ஏறுகிறது போலிருக்கிறது. படித்த பிறகு RMVF போட்டுக் கொடிகளை அழிக்கிறீர்கள்தானே? இல்லையென்றால் பழைய கொடியையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கிணற்றடி

அழிக்கிறேன். அந்தப் பெட்டி மோட்டார் காண்டாக்டருக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருக்கிறது. ரீசெட் காலில் 100 நானோஃபாரட் கெபாசிட்டர் வரைபடத்தில் உண்டு, அந்தப் போர்டில் ஒட்டியிருக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை போய்த்தான் பார்க்க வேண்டும்.