கலைச்சொல் கேள்வி: முகத்தைத் தள்ளித் திருத்தும் ‘வார்ப்’ கருவிக்குத் தமிழில் என்ன?

செல்வி (குன்னூர்)

குழுவினருக்கு வணக்கம். ஸ்டுடியோவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பசங்களுக்காக கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருள் பற்றித் தமிழில் ஒரு சின்னக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்றதெல்லாம் ஓடிவிட்டது, `Warp Transform` கருவியில் வந்து நின்றுவிட்டேன். மணப்பெண் சிரிக்கும்போது வாயின் ஒரு ஓரம் இறங்கியிருக்கும், குடும்பப் படத்தில் சித்தப்பா கண்ணைப் பாதி மூடியிருப்பார். கைவைத்தது தெரியாமல் இதையெல்லாம் சரிபண்ணத்தான் எங்களுக்கு அந்தக் கருவி. கடையில் “வார்ப் போட்டு விடு” என்போம். எழுத்தில் வார்ப் என்று போட்டால் வெண்கல வார்ப்பு மாதிரி இருக்கிறது. நல்ல சொல்லாக ஒன்று சொல்லுங்களேன்.

ராமநாதன் (உதகை)

அகராதியில் ‘பாவு’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே. பாவும் ஊடையும் நமக்குப் புதியவை அல்ல. ‘பாவுமாற்றம்’ என்று வைக்கலாம். இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

முபாரக் (கூடலூர்)

ஐயா, பாவு தறியில் இருக்கிற நூல். இது வேறு வார்ப். மழைக்காலத்தில் கதவுப் பலகை கோணிக்கொள்கிறதே, அந்த வகை. அதனால் ‘நெளிப்பு’ என்று வைப்போம். நெளி, நெளிவு, நெளிப்பி எல்லாம் அதிலிருந்தே வரும்.

செல்வி அக்கா, வேலை பற்றியும் ஒரு வார்த்தை. சின்னச் சின்னதாகத் தள்ளுங்கள், ஒவ்வொரு தள்ளலுக்கும் Enter அடித்துவிடுங்கள். பிடிக்காவிட்டால் ஒவ்வொன்றாகப் பின்னால் போகலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஜோசப் (கொடைக்கானல்)

முபாரக் தம்பி, சின்னதாகத் தள்ளுவது சரி. Enter விஷயம் சரியில்லை. Enter அடிக்கிற ஒவ்வொரு முறையும் பிக்சல்கள் புதிதாகக் கணக்கிட்டு எழுதப்படுகின்றன. பத்து முறை அடித்தால் அந்த இடத்துத் தோல் பத்து முறை மங்கும். Enter அடிக்கும்வரை எல்லாத் தள்ளல்களையும் கருவி சேர்த்து வைத்துக்கொள்கிறது, கடைசியில் ஒரே தடவைதான் படத்தில் எழுதுகிறது. தப்பான இடத்தை மட்டும் பழையபடி ஆக்க அதே கருவியிலேயே `Erase warping` இருக்கிறது. முழு வாயையும் முடித்துவிட்டு ஒரே ஒரு Enter போதும்.

‘நெளிப்பு’ எனக்கு ஒத்துவரவில்லை. எங்கள் வேலையில் நெளிவு என்பதே பிழையின் பெயர். பிரஷைச் சின்னதாக வைத்து உதட்டோரத்தைத் தள்ளினால் உதட்டுக் கோடு புழு மாதிரி நெளிந்துவிடும். “நெளிஞ்சிருச்சு, திரும்பச் செய்” என்போம். கருவிக்கும் பிழைக்கும் ஒரே பெயர் வைத்தால் பசங்கள் குழம்புவார்கள்.

சொல் கிடைக்கிறவரை, கோணல் சிரிப்பை நான் எப்படிச் செய்கிறேன் என்று எழுதுகிறேன். சொல் என்ன வேலையைச் சுமக்க வேண்டும் என்பது அதில் தெரியும். சமீபத்தில் ஒரு மணப்பெண் படம். முதலில் வாயைப் பார்க்கக் கூடாது, கண்களைப் பார்க்க வேண்டும். இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே அளவுக்கருவியால் ஒரு கோடு இழுத்தேன், 4 டிகிரி சாய்வு. தலையே சாய்ந்திருக்கிறது. வாயின் இரண்டு ஓரங்களுக்கும் இடையே இழுத்தால் 7 டிகிரி. அப்படியானால் சிரிப்பின் உண்மையான கோணல் 3 டிகிரிதான். வாயின் அகலம் 400 பிக்சல், ஆகவே தாழ்ந்த ஓரம் சுமார் 20 பிக்சல் கீழே இருக்கிறது. வாய்க்கோட்டைக் கிடைமட்டமாக்கப் போயிருந்தால் நேரான வாயும் சாய்ந்த தலையுமாக முகமே வேறாகியிருக்கும்.

அந்த 20 பிக்சலையும் நான் எடுப்பதில்லை, பாதிதான். யாருக்கும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. முழுக்கச் சமன் செய்தால் அம்மாவே “இது என் பொண்ணு இல்லையே” என்பார். பிரஷ் அளவு 300 பிக்சல், அதாவது வாயில் முக்கால் பங்கு. `Strength` 10-15, `Hardness` குறைவாக. ஓரத்தை மட்டும் தூக்காமல், அதற்கு மேலே மூக்கிலிருந்து இறங்கும் கன்ன மடிப்பையும் சேர்த்து மெதுவாக மேலே தள்ள வேண்டும். சிரித்தால் கன்னம் ஏறும், கீழிமையும் கொஞ்சம் சுருங்கும். கன்னம் அசையாமல் உதடு மட்டும் ஏறினால் ஒட்டவைத்த சிரிப்பு போல இருக்கும். முடித்ததும் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள். பழகிய கண்ணுக்குத் தெரியாத பிழை திருப்பினால் உடனே தெரியும்.

பெள்ளி (கோத்தகிரி)

எனக்குச் சொல் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் இதே மாதிரி ஒரு வேலை கையில் இருக்கிறது. எங்கள் ஹெத்தையின் படம். ஒரு கண் இமை தொங்கியிருக்கும். பெரிதாக்கி மாட்டச் சொல்கிறார்கள். ஜோசப் அண்ணா சொன்னபடி தள்ளினால் கண் திறந்துவிடுமா? இல்லை, இன்னொரு கண்ணை நகலெடுத்துத் திருப்பி ஒட்டிவிடலாமா?

ஜோசப்

பெள்ளி, பாட்டியுடைய வேறு பழைய படங்கள் இருந்தால் முதலில் பாருங்கள். எல்லாவற்றிலும் இமை அப்படித்தான் என்றால் அது பாட்டியின் முகம், கேமரா பிடித்த தற்செயல் இல்லை. வீட்டில் பெரியவர்களைக் கேட்காமல் கைவைக்காதீர்கள். இன்னொரு கண்ணைத் திருப்பி ஒட்டுவது கூடவே கூடாது. கண்மணிக்குள் வெளிச்சப் புள்ளி இருக்கும் இல்லையா, ஜன்னல் வலது பக்கம் இருந்தால் இரண்டு கண்ணிலும் அது வலது பக்கமே விழும். திருப்பி ஒட்டினால் ஒரு கண்ணில் இடது பக்கம் போய்விடும். ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்க்கிறவருக்கு ஏதோ உறுத்தும்.

செல்வி

ஜோசப் அண்ணா, என் சித்தப்பா கேஸ் பாதி மூடிய கண். சிம்ஸ் பூங்காவில் எடுத்த குடும்பப் படம். தள்ளிப் பார்த்தேன், இமை ஏறுகிறது, ஆனால் கண்மணி முட்டை வடிவமாகிவிடுகிறது.

ஜோசப்

ஆகத்தான் செய்யும். தள்ளினால் இருப்பது இடம் மாறும், இல்லாதது வராது. கண்மணியின் கறுப்பு வட்டம் முழுதாகத் தெரிந்து இமை லேசாக இறங்கியிருந்தால் தள்ளலாம், இமைக்கு மேலே உள்ள மடிப்பையும் சேர்த்து. வட்டத்தின் மேல்பகுதியை இமை மறைத்துவிட்டால் அதற்கு அடியில் எதுவும் பதிவாகவில்லை. அடுத்த ஷாட்டிலிருந்து கண்ணைக் கொண்டுவர வேண்டும். குரூப் படத்தை எப்போதும் நாலைந்து தடவை தொடர்ந்து எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அந்த ஷாட்டை மேல் லேயராக வைத்து ஒளிபுகா அளவை 50 ஆக்குங்கள். மூக்கோரக் கண்முனை கண்ணைச் சிமிட்டினாலும் பெரிதாக அசையாது, அதை வைத்துப் பொருத்துங்கள். தேவைப்பட்டால் கொஞ்சம் சுழற்றுங்கள். பிறகு ஒளிபுகா அளவைத் திரும்ப 100 ஆக்கி, கறுப்பு மாஸ்க் போட்டு, மென்மையான வெள்ளைப் பிரஷால் மேல் மடிப்பிலிருந்து கீழிமை வரை மட்டும் திறந்துவிடுங்கள். புருவத்தைத் தொட வேண்டாம். இரண்டு கண்ணையும் ஒரே ஷாட்டிலிருந்து எடுங்கள், இல்லாவிட்டால் ஒரு கண் கேமராவையும் இன்னொன்று மாமியாரையும் பார்க்கும்.

செல்வி

அதையும் செய்தேன் அண்ணா. கண் திறந்துவிட்டது, ஆனால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. கண்ணில் புரை விழுந்தவர் போல.

ஜோசப்

எடுக்கும்போது மேகம் இறங்கியதா? நம் மலைப் படங்களில் இது சகஜம். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவே பனி நகர்ந்துவிடும், கறுப்பெல்லாம் வெளுத்துவிடும். இரண்டு ஷாட்டிலும் சித்தப்பாவின் மீசை நிழலில் ஒரே இடத்தைத் தொட்டு எண்ணைப் பாருங்கள். நல்லதில் 20, கண் எடுத்த ஷாட்டில் 40 என்று வந்தால், அந்த லேயருக்கு மட்டும் `Levels`-இல் கறுப்பு முனையை இரண்டும் ஒத்துப்போகும்வரை நகர்த்துங்கள். கண்மணியை வைத்து அளக்காதீர்கள், நல்ல ஷாட்டில்தான் அது மூடியிருக்கிறதே. பனியில் ஒரு லாபமும் உண்டு. வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் நிழல் ஓரம் கிடையாது, ஒட்டு தெரியாது. இதே வேலையை மதிய வெயிலில் எடுத்த படத்தில் செய்தால் புருவ நிழல் காட்டிக்கொடுத்துவிடும்.

சுழற்றிய லேயர் கொஞ்சம் மழமழப்பாகவும் இருக்கும். முகத்தின் மற்ற இடத்தில் எவ்வளவு மணல்மணலாக இருக்கிறதோ, அந்த அளவு நாய்ஸ் சேர்த்துவிடுங்கள்.

ராமநாதன்

படித்துவிட்டேன். என் ‘பாவு’ இங்கே பொருந்தாது. ஜோசப் விவரித்ததில் இரண்டு வெவ்வேறு செயல்கள் இருக்கின்றன. இருப்பதை இடம்மாற்றுவது ஒன்று, இல்லாததைக் கொண்டுவந்து சேர்ப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு ‘ஒட்டு’ போதும். துணிக்கும் ஒட்டு, செடிக்கும் ஒட்டு. முதலாவதற்கு ‘இளக்கி’ என்று வைக்கலாம். பொன்னை இளக்கி உருமாற்றுவது போல.

முபாரக்

ஐயா மன்னிக்கணும். மெனுவில் ‘இளக்கி’ என்று பார்த்தால் பாதிப் பேருக்கு மலமிளக்கிதான் ஞாபகம் வரும்.

செல்வி

:) கையேட்டில் அதைப் போட்டால் பசங்கள் ஒரு வாரம் சிரிப்பார்கள்.

‘நெகிழ்த்தி’ எப்படி? நெகிழ்ந்தது என்றால் இளகி இடம்கொடுத்தது என்று எல்லோருக்கும் புரியும், பிழைக்குச் சொல்கிற ‘நெளிவு’ தனியாக இருக்கும். கருவி நெகிழ்த்தி, அதற்குள் இருக்கும் வேலைகளுக்குத் தள்ளு, விரி, சுருக்கு, சுழற்று, மீள். ஒட்டின் ஓரத்தைச் சுற்றுத் தோலோடு கலக்கும் `Healing` கருவிக்கு ‘நிரவி’. மேடுபள்ளத்தை நிரவுவது என்று தோட்டத்தில் சொல்வதுதானே.

ஜோசப்

நெகிழ்த்தி சரி. நிரவியும் சரி. ‘மீள்’ வேண்டாம், `Undo`-வோடு மோதும். `Erase warping` கடைசித் தள்ளலைத் திரும்பப் பெறுவதில்லை, பிரஷ் பட்ட இடத்தை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. அதற்கு வேறு சொல் வேண்டும்.

ராமநாதன்

‘தளர்த்து’?

முபாரக்

அது நெகிழ்த்துவதற்கே இன்னொரு பெயர் ஆகிவிடும் ஐயா. நெகிழ்த்தி, ஒட்டு, நிரவி மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ‘மீள்’ எதிரே கேள்விக்குறி போட்டு வைக்கிறேன்.

பெள்ளி

வீட்டில் கேட்டேன். இமையை அப்படியே விடச் சொன்னார்கள். ஆனால் நெற்றியில் பழைய பிரிண்ட் மடிந்த கோடு ஒன்று குறுக்கே போகிறது. அதை எடுக்க எது, நெகிழ்த்தியா நிரவியா?

செல்வி

நிரவி. மடிப்புக்குப் பக்கத்திலேயே, அதே வெளிச்சம் உள்ள தோலில் Ctrl அழுத்திக் கிளிக் செய்து மாதிரி எடு, பிறகு கோட்டின்மேல் சின்னச் சின்னதாகத் தொட்டுக்கொண்டே போ. முடி தொடங்கும் இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிடு. அங்கே நிரவினால் முடியின் கறுப்பு தோலில் கசியும், `Clone` கருவிக்கு மாறிக்கொள்.