சந்தேகம்: மெஷினுக்கு மாறிய பிறகு காம்பு நுனியில் வெள்ளை வளையம், ஒரு மடியில் திரிபால். வேக்குவம் குறைக்கணுமா, கைக்கறவைக்கே திரும்பணுமா?

கோபிக்கறவை

நாலு மாடு. ரெண்டு எச்.எஃப் கலப்பு, ரெண்டு ஜெர்சி கலப்பு. கறவைக்கு வந்தவர் நின்றுவிட்டதால் ஒற்றை வாளி மெஷின் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. கப்புக்குள் ரப்பர் லைனர். பொருத்திக் கொடுத்தவர் வேக்குவத்தை 380 மி.மீ.-ல் வைத்துவிட்டு "இதைத் தொடாதீங்க" என்றார். அதைத் தொடவும் இல்லை.

இப்போது பிரச்சினை இது. ரெண்டாம் ஈத்து எச்.எஃப் மாட்டுக்கு நாலு காம்பு நுனியிலும் வெள்ளையாக வளையம் கட்டி, தொட்டால் சொரசொரவென்று இருக்கிறது. முன்பக்க இடது காம்புதான் மோசம். அந்தக் காம்புப் பாலை மடிநோயைக் காட்டும் சி.எம்.டி. சோதனையில் பார்த்தபோது சளி மாதிரி கெட்டியாகிறது, மற்ற மூன்றும் சுத்தம். காலையில் ஒன்பது லிட்டர் கறக்கும் மாடு. கடைசிச் சொட்டு வரை வரட்டும் என்று ஒன்பது, பத்து நிமிடம் கப்பை விட்டுவைக்கிறேன். ஏழாவது நிமிடத்துக்கு மேல் காலைத் தூக்கி உதைக்கிறது. ஜெர்சிகளுக்கு நுனி நன்றாக இருக்கிறது, ஆனால் கப் அடிக்கடி 'சர்ர்' என்று காற்று இழுக்கிறது.

வேக்குவத்தைக் குறைக்கலாமா? இல்லை மெஷினையே ஓரம்கட்டிவிடலாமா?

பண்ணைத்துரை

குறைக்காதீங்க தம்பி. 380 என்பது கம்பெனி வைத்த அளவு. குறைத்தால் கப் நழுவும், நழுவினால் மடிநோய் வரும். உங்க ஜெர்சிக்கு இப்பவே காற்று இழுக்குது என்றால் இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பாருங்க. நோய் வந்த காம்புக்கு மடிநோய் ட்யூப் போட்டால் முடிந்தது.

ஈத்துக்கணக்கு

துரை அண்ணா சொன்னதில் பாதி சரி. கப் நழுவுவது கெடுதல்தான். ஒரு கப்பில் காற்று சர்ரென்று புகும்போது, நாலு கப்பின் பாலும் வந்து சேரும் கிளாவில் நிற்கும் பால் பொட்டுப் பொட்டாக மற்றக் காம்புகளின் துளையைப் பார்த்து வேகமாக அடிக்கும். ஒரு காம்பின் கிருமி அடுத்த காம்புக்குப் போகும் வழி அது. ஆனால் அதற்கு மருந்து வேக்குவத்தை ஏற்றுவது இல்லை. 380 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 50 கிலோபாஸ்கல். தலைக்கு மேல் குழாயில் பாலை ஏற்றும் பெரிய பண்ணைக்கு அந்த அளவு வைப்பார்கள். உங்கள் வாளி மாட்டுக்குப் பக்கத்தில் தரையில் நிற்கிறது, பாலை எங்கேயும் தூக்க வேண்டியதில்லை. 40 முதல் 42, அதாவது 300 முதல் 315 மி.மீ. போதும்.

ஆனாலும் கோபி, இன்றைக்கே திருகைத் திருப்பிவிடாதீர்கள். நாலு காம்பிலும் வளையம் என்றால் அதிக வேக்குவம், அதிக நேரம் ரெண்டையும் சந்தேகிக்கலாம். அதிலும் ஒரே ஒரு காம்பு தனியாக மோசமாக இருக்கிறது என்றால் அந்தக் கப்பிலேயே ஏதோ கோளாறு. முதலில் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

மோட்டாரை நிறுத்தியதும் கேஜ் முள் பூஜ்யத்துக்கு வருகிறதா? வராவிட்டால் நீங்கள் படிக்கும் 380 நிஜம் இல்லை.

மெஷினை ஓட்டி, மூன்று கப்பை மடக்கித் தொங்கவிட்டு, நாலாவதில் கட்டைவிரலை விடுங்கள். விரலைப் பிடித்து அமுக்கி, விட்டு, அமுக்கி, விட வேண்டும். ஒவ்வொரு கப்பாகப் பாருங்கள். கூடவே லைனரை அப்படி அமுக்கி விட வைக்கும் பல்சேட்டர் ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை அடிக்கிறது என்று கடிகாரம் வைத்து எண்ணுங்கள். 60 ஒட்டி இருக்கணும்.

கடைசியாக, கப்பைக் கழற்றிய அரை நிமிடத்துக்குள் காம்பைப் பாருங்கள். நீலம் பாய்ந்திருக்கிறதா, நுனி தட்டையாக நசுங்கியிருக்கிறதா, மேலே மடியோடு சேரும் இடத்தில் வளையமாகத் தடம் இருக்கிறதா? ஒவ்வொன்றும் வேறு வேறு காரணத்தைச் சொல்லும்.

முர்ராமணி

எனக்கும் இதே குழப்பம்தான். என் முர்ரா எருமைக்கு 42-ல் வைத்தால் பாலே இறங்க மாட்டேங்குது, 50-க்கு மேலே கொண்டு போனால்தான் வருது. அப்போ இங்கே எல்லாரும் சொல்ற அளவு தப்பா?

ஈத்துக்கணக்கு

மணி, எருமைக் கதை வேறு. எருமைக் காம்பு நுனியின் தசை இறுக்கம், அதைத் திறக்கவே மாட்டைவிடக் கூடுதல் வேக்குவம் வேண்டும். பால் மேலே மடிக்குள் ஏறியே நிற்கும், சுரப்பு இறங்கவும் நேரமாகும். நீங்கள் வைத்தது தப்பில்லை. ஆனால் அந்த அளவை மாட்டுக்கு எடுத்து வைக்கக் கூடாது. தனி இழை போடுங்கள், இங்கே கலந்தால் யாருக்கும் புரியாது.

செவலைக்காரி

மாட்டுக்கு இப்போ வலி இருக்குமே, அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையே. கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைச்சா செக்கச்செவேல்னு வரும். தண்ணி விட்டுக் கரைச்சு, மடியைச் சுத்தமாப் பீச்சிக் கழுவின பிறகு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, அஞ்சு நாள் தடவுங்க. கால்நடைப் பல்கலைக்கழகத்துக்காரங்களே பரப்பின மருந்துதான். வீக்கம் நல்லா வடியுது.

கைக்கறவையே உசத்தின்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு: கட்டைவிரலை மடக்கி அந்தக் கணுவால காம்பை நசுக்கிக் கறக்கிறவங்கதான் ஊர்ல முக்கால்வாசிப் பேர். அதுலயும் காம்புக்குள்ள புண்ணாகி அடைப்பு விழும். முழுக்கையால பிடிச்சுக் கறக்கத் தெரிஞ்சவர் கிடைச்சா மட்டும் கைக்கறவைக்கு மாறுங்க.

ஈத்துக்கணக்கு

பூச்சு சரி. ஒன்று மட்டும்: அடுத்த கறவைக்கு முன் அந்தப் பூச்சைக் கழுவித் துடைத்துவிடணும், சுண்ணாம்பும் மஞ்சளும் பாலில் இறங்கக் கூடாது. காரணத்தைச் சரி செய்யாமல் பூச்சு மட்டும் போட்டால் அடுத்த மாதமும் அரைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கோபிக்கறவை

பார்த்துவிட்டேன்.

கேஜ் பூஜ்யத்துக்குச் சரியாக வருகிறது. பல்சேட்டர் நிமிடத்துக்கு 44 தடவைதான் அடிக்கிறது. மூன்று கப் விரலை நன்றாக அமுக்கியது. முன் இடது கப் அமுக்கவே இல்லை, உறிஞ்சிக்கொண்டே இருந்தது. கழற்றியபோது அந்தக் காம்பு மட்டும் கருநீலமாக, கல் மாதிரி இருந்தது. இன்னொரு விஷயம், பல்சேட்டரில் இருந்து வரும் கண்ணாடிக் குழாயில் உள்பக்கம் வெள்ளையாகப் பால் படிந்திருக்கிறது. அது காற்றுக் குழாய்தானே, அங்கே பால் எப்படி?

ஈத்துக்கணக்கு

விடை அந்தக் குழாயில்தான் இருக்கிறது. கப்பின் வெளிக்கூட்டுக்கும் லைனருக்கும் நடுவில் காற்று மட்டும்தான் போய்வரணும். அங்கே பால் வந்தால் லைனர் எங்கோ கிழிந்திருக்கிறது. கிழிசல் வழியாகப் பால் கூட்டுக்குள் இறங்கி, பல்ஸ் குழாயில் தேங்கி, பல்சேட்டர் வரைக்கும் போய்ப் பிசுபிசுக்க வைத்திருக்கிறது. அதனால்தான் 44. அந்தக் கப்பின் குழாய் அடைபட்டதால் லைனர் மூடவே இல்லை. மூடினால்தான் காம்பு நுனிக்கு ஒரு நொடியாவது இளைப்பாறல், ரத்தம் திரும்ப ஓடும். அந்தக் காம்பு பத்து நிமிடமும் இடைவிடாமல் 50 கிலோபாஸ்கலில் இழுபட்டிருக்கிறது.

அந்த லைனரைக் கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நீட்டிப் பாருங்கள். லைனரின் மேல் உதட்டிலும் அடியிலும் ஒரு கோடோ அம்போ இருக்கும், ரெண்டும் ஒரே நேராக இருந்ததா என்றும் சொல்லுங்கள். கழுவக் கழற்றிவிட்டு முறுக்கி மாட்டுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. முறுக்கிய லைனர் சரியாக மூடாது, முறுக்கின இடத்தில் சீக்கிரம் விரியும்.

கோபிக்கறவை

அப்படியேதான் அண்ணா. கால் வட்டம் முறுக்கியிருந்தது, கழுத்துக்குக் கீழே மயிரிழை மாதிரி விரிசல். நீட்டினால்தான் தெரிகிறது.

ஈத்துக்கணக்கு

ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், நாலையும் மாற்றுங்கள். பழசும் புதுசும் கலந்தால் காம்புக்குக் காம்பு வேறு வேறு மாதிரி கறக்கும். ரப்பர் லைனருக்கு 2,500 கறவை அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. உங்களுக்கு ஒரு நாளைக்கு எட்டுக் கறவை, 2,500 ஆக பத்து மாதத்துக்கு மேல் ஆகும். எண்ணிக்கையைப் பார்க்காமல் ஆறு மாதத்தில் மாற்றுங்கள், கொழுப்பும் வெந்நீரும் ரப்பரைத் தின்றுவிடும்.

பல்சேட்டரைத் திறந்து சவ்வையும் வடிகட்டியையும் துடையுங்கள், எண்ணெய் விடாதீர்கள். குழாய்களைக் கழுவி முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். கிளாவில் ஒரு ஊசித்துளை இருக்கும். அது அடைந்திருந்தால் பால் வாளிக்கு ஓடாமல் கிளாவிலேயே தளும்பும், மெல்லிய கம்பியால் துளையைப் பெரிதாக்காமல் சுத்தம் செய்யுங்கள். 60 அடிக்கிறது என்று உறுதியான பிறகு ரெகுலேட்டரைத் திருகி 340-க்குக் கொண்டுவந்து ரெண்டு நாள், பிறகு 315.

கறவையில் மாற்ற வேண்டியது: ஒவ்வொரு காம்பிலும் மூன்று நாலு பீச்சு கருப்புக் கிண்ணத்தில் எடுத்துத் திரி பாருங்கள். காம்பைத் துடைத்து ஈரமில்லாமல் காயவிடுங்கள். தொட ஆரம்பித்து ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்தில் கப் போடுங்கள். கிளாவில் பால் ஓட்டம் நூலாக மெலிந்ததும் வாளி வேக்குவத்தை மூடி, அது இறங்கியதும் கப் தானே கைக்கு வரும். வேக்குவம் இருக்கும்போதே பிடித்து இழுக்கக் கூடாது. ஒன்பது லிட்டருக்கு ஐந்து, ஆறு நிமிடம் போதும். காம்புக்கு ஒரு கோப்பை பால் மிச்சம் நின்றாலும் மடி கெடாது. கழற்றியதும் 0.5 சத அயோடின் டிப், பிறகு தீவனம் போட்டு அரைமணி நேரமாவது நிற்க வையுங்கள்.

நோயுள்ள மாட்டை எப்போதும் கடைசியில் கறக்கவும். அந்த முன் இடது காம்பை இப்போதைக்குக் கையால் தனிக் கிண்ணத்தில் பீச்சுங்கள். நாலாவது கப்பை அடைப்பான் போட்டு மூடாவிட்டால் மெஷின் காற்றை இழுத்து மற்ற மூன்றும் நழுவும்.

பண்ணைத்துரை

சரி தம்பி, லைனர்தான் வில்லன்னு ஒத்துக்கறேன். ஆனா 315-ல் ஜெர்சி நழுவினா என்ன பண்ணுவீங்க?

ஈத்துக்கணக்கு

அது நியாயமான கேள்வி அண்ணா. ஈரக் காம்பு, கிளா ஒரு பக்கம் சாய்ந்து தொங்குவது, ரெண்டும் சரி என்றால் லைனர் வாய் அகலம்தான். ஜெர்சி கலப்புக்குக் காம்பு ஒல்லி, குட்டை. ஒரே மெஷினில் ரெண்டு சாதி மாடு என்றால் ஏதாவது ஒன்று கஷ்டப்படும். சின்ன வாய் லைனர் போட்டால் எச்.எஃப் காம்பின் மேல்பக்கம் வளையத் தடம் விழலாம்.

செவலைக்காரி

நான் ஜெர்சிக்குக் கன்றை ரெண்டு நிமிஷம் ஊட்ட விட்டுட்டுத்தான் கறப்பேன். எச்சில் ஈரத்தைத் துடைச்சா நழுவாது. கன்று இல்லாம போட்டா பாலை எக்கிக்கும்.

கோபிக்கறவை

நாலு லைனரும் மாற்றி, பல்சேட்டர் கழுவினதும் 61 அடிக்கிறது. இப்போது 340. உதைப்பது நின்றுவிட்டது, கழற்றும்போது காம்பு மிருதுவாக இருக்கிறது. வளையம் அப்படியே இருக்கிறது. அந்தக் காம்பில் சி.எம்.டி. இன்னும் கெட்டியாகத்தான் வருகிறது.

ஈத்துக்கணக்கு

வளையம் கரைய வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படாதீர்கள், கத்தியால் சுரண்டாதீர்கள். சி.எம்.டி. இன்னொரு வாரம் இப்படியே வந்தால், காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் பீச்சுகளைக் கீழே விட்டு, சுத்தமான புட்டியில் பால் எடுத்து ஐஸில் வைத்து மருத்துவரிடம் கொடுங்கள். எந்தக் கிருமி என்று தெரியாமல் ட்யூப் போடுவது பணத்துக்கும் பாலுக்கும் நஷ்டம், ட்யூப் போட்டால் அந்த மாட்டுப் பாலை உறையில் எழுதிய நாள் வரை ஊற்றவும் முடியாது. பழகிப்போன சில கிருமிகள் மாடு வற்றும் காலத்தில் கொடுக்கும் மருந்துக்குத்தான் அசையும், சிலது அதற்கும் அசையாது.